ஐந்தாம் படிச் சமன்பாடும் பெரிய அணிகளும்

வணக்கம். எம்.எஸ்சி. கணிதம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் இல்லை, அதனால்தான் பெரிய அணிகளின் ஐகன் மதிப்புகளைச் சுற்றுச் சுற்றாகக் கணக்கிட்டு நெருங்குகிறோம் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் எந்த மென்பொருளும் சிறப்பியல்புச் சமன்பாட்டை எழுதித் தீர்ப்பதில்லையாம். அந்தச் சமன்பாட்டைத் தொடாத முறைக்கு அதன் சூத்திரம் இல்லாதது எப்படித் தடையாகும்? காஸ் நீக்கல் போல, எண்ணிச் சொல்லக்கூடிய கணக்குகளில் முடியும் வழியை நாளை யாராவது கண்டுபிடிக்கலாமே?

அன்புள்ள நண்பருக்கு,

கண்டுபிடிக்க முடியாது. உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான். நடுவே ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது.

அணியிலிருந்து சமன்பாட்டுக்குப் போவதை மட்டும் பார்க்கிறீர்கள். எதிர்த்திசையிலும் போகலாம். x⁵ − x − 1 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம். இதன் மூலங்களை வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றால் எழுத முடியாது. இதன் கெழுக்களைக் கடைசி நிரலில் குறி மாற்றிப் போட்டு இந்த அணியை எழுதுங்கள்:

```
0 0 0 0 1
1 0 0 0 1
0 1 0 0 0
0 0 1 0 0
0 0 0 1 0
```

இதன் சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவை அதே x⁵ − x − 1. எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் இப்படி ஓர் அணி உண்டு. கம்பேனியன் அணி என்பார்கள். ஆகவே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றைக் குறித்த எண்ணிக்கையில் செய்து எந்த அணியின் ஐகன் மதிப்பையும் துல்லியமாகத் தரும் முறை ஒன்று இருந்தால், அதில் இந்த அணியைப் போட்டு ஐந்தாம் படிக்கான விடையைப் பெற்றுவிடலாம். அம்முறை சமன்பாட்டைத் தொடுகிறதா என்பது பொருட்டல்ல. 1824-ல் ஆபெல் நிறுவியது அதற்கு நேர் எதிரானது. ஆயிரம் வரிசை அணிக்கும் இதுவே: ஒரு மூலையில் இந்த 5×5-ஐ வைத்து மற்ற இடங்களில் பூஜ்யம் நிரப்பினால் போதும்.

பொது முறைக்குத்தான் இந்தத் தடை. மூலைவிட்டத்தில் 2, அதன் இருபுறமும் −1 உள்ள அணிக்கு எந்த வரிசையிலும் கொசைன் சூத்திரமே இருக்கிறது.

தேற்றம் கணக்கீட்டில் எந்த இடத்தில் முட்டுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஐகன் மதிப்பு மாறாமல் அணியை மாற்ற, இடப்புறம் Q-ஆல் பெருக்கினால் வலப்புறம் அதன் நேர்மாறாலும் பெருக்க வேண்டும். முதல் நிரலில் மூலைவிட்டத்துக்குக் கீழே எல்லாவற்றையும் பூஜ்யமாக்க ஐந்து நிரைகளையும் கலந்தால், வலப்புறப் பெருக்கல் ஐந்து நிரல்களையும் கலந்து, வந்த பூஜ்யங்களைக் கெடுத்துவிடும். முதல் நிரையைத் தொடாமல் மற்ற நான்கை மட்டும் கலந்தால் முதல் நிரல் தப்பிக்கும். ஆனால் மூலைவிட்டத்துக்கு நேர் கீழே ஓர் எண் மிஞ்சும். இப்படியே எல்லா நிரல்களையும் முடித்தால், மூலைவிட்டத்துக்குக் கீழே ஒரே ஒரு கோடு எண்கள் நிற்கும். இது ஹெசன்பர்க் வடிவம். இதுவரை காஸ் நீக்கல் போலவே எண்ணி முடிக்கலாம். இப்போது மேலே உள்ள அணியைத் திரும்பப் பாருங்கள்: அது பிறந்தபோதே ஹெசன்பர்க் வடிவில் இருக்கிறது! அந்த ஒற்றைக் கோட்டை அழிக்கத்தான் முடிவில்லாத சுற்றுகள் வேண்டியிருக்கின்றன.

எத்தனை சுற்று என்பது முறையைப் பொறுத்தது. இந்த அணியின் நிரை நிரல் மாற்று அணியால் ஒரு வெக்டரைத் திரும்பத் திரும்பப் பெருக்குவது, 1, 1, 1, 1, 1 என்று தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் அதற்கு ஐந்து, நான்கு இடம் முந்தைய இரண்டின் கூட்டலாக எழுதுவதற்குச் சமம்: 2, 2, 2, 2, 3, 4, 4, 4, 5, 7, 8, 8, 9, 12, 15, 16, 17, 21, 27, 31, 33... அடுத்தடுத்த எண்களின் விகிதம், மட்டில் மிகப் பெரிய மூலமான 1.1673-ஐ நெருங்க வேண்டும். ஆனால் 27/21 = 1.286, 33/31 = 1.065 என்று இன்னும் ஆடுகிறது. காரணம், அடுத்த பெரிய மூலங்களின் மட்டு 1.099; விகிதம் 0.94. ஒரு தசம இலக்கம் கூடுதலாகக் கிடைக்க ஏறக்குறைய 38 சுற்று ஆகும். பெருக்கும் அணியை A என்போம்; அதே வேலையை A − 1.17 I-யின் நேர்மாறைக் கொண்டு செய்தால் விகிதம் சுமார் 0.0018 ஆகி, ஒரே சுற்றில் இரண்டு இலக்கங்களுக்கு மேல் கிடைக்கும்.

இப்படி நகர்த்திக் கணக்கிடும் உத்தியை ஒவ்வொரு சுற்றிலும் தானாகவே புதுப்பித்துக்கொள்வதுதான் 1961-ல் பிரான்சிஸ் வெளியிட்ட QR முறை. ஹெசன்பர்க் கோட்டில் உள்ள ஓர் எண், மூலைவிட்டத்தில் அதன் அண்டை எண்களோடு ஒப்பிட 10⁻¹⁶ அளவுக்குச் சுருங்கியதும் பூஜ்யம் என்று வைத்து அணியைப் பிளந்துவிடுவார்கள். நடைமுறையில் ஓர் ஐகன் மதிப்புக்குச் சில சுற்றுகளே ஆவதால், மொத்த வேலை n³ அளவைத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் பூஜ்யங்களான மிகப் பெரிய அணிகளுக்கு லான்சோஸ், அர்னால்டி முறைகள் உண்டு. அது வேறு கதை.

மென்பொருள் சமன்பாட்டை எழுதுவதில்லை என்றீர்கள். பைத்தானில் இதை இட்டுப் பாருங்கள்:

```
import numpy as np
np.roots([1, 0, 0, 0, -1, -1])
```

சமன்பாட்டைத்தான் கொடுக்கிறோம். அது உள்ளே கம்பேனியன் அணியைக் கட்டி, அதன் ஐகன் மதிப்புகளைக் கணக்கிட்டுத் திருப்பித் தருகிறது. சூத்திரம் இருக்கும் நான்காம் படிக்கும் அதே வழிதான்.