அட்வான்ஸ் கொடுக்கும் முன் லீகல் ஒப்பீனியன்: வக்கீலிடம் என்ன கேட்பது?

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: மேடம், 2400 சதுர அடி மனை ஒன்று பார்த்திருக்கிறோம். விற்பவர்களின் அப்பா 1984 இல் சொந்தப் பணத்தில் வாங்கியது. அவர் 2003 இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இப்போது அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் விற்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் 2 லட்சம் டோக்கன் போடச் சொல்கிறார் புரோக்கர். வக்கீலிடம் ஒப்பீனியன் கேட்க என்ன எழுதுவது, எந்தப் பேப்பர் எல்லாம் கொடுப்பது?

பதில்: ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்து "பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்று மட்டும் கேட்டால், "பத்திரங்கள் சரியாக உள்ளன" என்று இரண்டு பக்கத்தில் பொதுவாக ஒரு பதில்தான் வரும். உங்களுக்குத் தேவையானது அதுவல்ல. இப்படி எழுதிக் கொடுங்கள்:

"இந்தச் சொத்தை வாங்க விரும்புகிறேன். இதுவரை முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கிரயம் முழுமையாகச் செல்ல இன்றைய தேதியில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், அவரவர் பங்கு எவ்வளவு? எந்த ஆவணம் குறைகிறது, அதை யாரிடம் வாங்க வேண்டும்? இப்போதைய நிலையில் அட்வான்ஸ் கொடுக்கலாமா, கொடுக்கலாம் என்றால் எந்த நிபந்தனையோடு? இவற்றுக்கு எழுத்தில் கருத்து வேண்டும்."

இதோடு 1984 கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், 1984க்கு முன்பிருந்து இன்று வரை வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் வையுங்கள். கூடவே ஒரு தாளில் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை எழுதச் சொல்லி, விற்பவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். பலர் விட்டுவிடுவது இந்தத் தாளைத்தான். ஒப்பீனியன் எழுதும்போது நான் முதலில் தேடுவதும் அதைத்தான். யார் எப்போது இறந்தார், அன்று யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் வரிசையாகக் கிடைக்காது.

அதே வாசகர்: பேப்பர் கேட்டால், "அட்வான்ஸ் போட்டால்தான் ஜெராக்ஸ்" என்கிறார்கள். கெஞ்சிக் கேட்டதில் வாரிசுச் சான்றை மட்டும் போனில் அனுப்பினார்கள். அதில் மனைவி, இரண்டு மகன், ஒரு மகள், அப்புறம் இறந்தவரின் தாயார் என்று ஐந்து பெயர் இருக்கிறது. பாட்டி 2009 இல் காலமாகிவிட்டார், அதனால் நாலு பேர் கையெழுத்துப் போதும் என்கிறார்கள்.

பதில்: முதலில் ஜெராக்ஸ் விஷயம். வாங்குபவர் கேட்டால் தன்னிடமுள்ள உரிமை ஆவணங்களைப் பரிசோதிக்கக் காட்டுவது விற்பவரின் கடமை. சொத்து மாற்றுச் சட்டம் 55 ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அப்படியும் மறுத்தால், கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே மனுப்போட்டு வாங்கலாம். வில்லங்கச் சான்றில் பத்திர எண்ணும் வருடமும் இருக்கும், அது போதும். நகல் கையில் வந்தாலும் ஒரிஜினலை ஒருநாள் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஒரிஜினல் எங்கேயாவது அடமானத்தில் இருக்கிறதா என்பது நகலில் தெரியாது.

இனி பாட்டி. நல்லவேளை, வாரிசுச் சான்று முதலிலேயே கைக்கு வந்தது. இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் இவர்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆகவே 2003 இல் சொத்து ஐந்து சம பங்காகிவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு பாட்டிக்கு. 2009 இல் பாட்டி இறந்ததும் அந்தப் பங்கு பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் போகாது. அது பாட்டியின் சொந்தச் சொத்து, அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்று விசாரியுங்கள்.

அதே வாசகர்: விசாரித்தேன் மேடம். பாட்டிக்கு மொத்தம் மூன்று பிள்ளைகள். இறந்தவர், அவர் தம்பி, ஒரு தங்கை. தாத்தா முன்பே போய்விட்டார்.

பதில்: அப்படியானால் கணக்கு இதுதான். பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு மூன்றாகப் பிரியும். ஒன்று இறந்த மகனின் மூன்று பிள்ளைகளுக்கு. மற்ற இரண்டும் அவர்களுடைய சித்தப்பாவுக்கும் அத்தைக்கும், ஆளுக்குப் பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்தால் பதினைந்தில் இரண்டு. உங்கள் 2400 சதுர அடியில் அது 320 சதுர அடி. இந்த நாலு பேர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அந்த 320 அடி உங்களுக்கு வராது. அது மனையின் எந்த மூலையில் இருக்கிறது என்றும் யாராலும் காட்ட முடியாது, ஏனென்றால் அது பிரிபடாத பங்கு. நாளைக்கு அத்தையோ அவர் பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், நீங்கள் கட்டிய வீடும் அந்த வழக்குக்குள் வந்துவிடும்.

பாட்டி தன் பங்கை உயிலாகவோ விடுதலைப் பத்திரமாகவோ எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். அதையும் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால், சித்தப்பாவையும் அத்தையையும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர்ப்பதே எளிய வழி.

திருப்பூரிலிருந்து: இதெல்லாம் தேவையா சார்? 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, அதாவது ஈசி போட்டுப் பார்த்தேன், வில்லங்கம் நில் என்று வந்தது. பட்டாவும் விற்பவர் பேரிலேயே இருக்கிறது. போதும்தானே?

பதில்: பாதி சரி. அடமானத்தை மீட்க வழக்குப் போடும் கெடு 30 வருடம் என்பதால், அந்தக் காலத்தையாவது தேட வேண்டும் என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஈசியில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. ஒருவர் இறந்ததும் சொத்து வாரிசுகளுக்குப் போகிறதே, அதற்குப் பத்திரம் கிடையாது, பதிவும் கிடையாது. சேலத்து அத்தையின் பங்கு எந்த ஈசியிலும் வராது. உயிலும் வராது, நிலுவையில் உள்ள வழக்கும் வராமல் போகலாம். வழக்குக்கு மாவட்ட நீதிமன்ற இணையதளத்தில் விற்பவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் போட்டுத் தனியாகத் தேட வேண்டும். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அனுபவத்துக்கு நல்ல ஆதாரம்தான், ஆனால் அதுவே உரிமையைத் தந்துவிடாது.

இன்னொன்று. உங்கள் ஈசியில் விற்பவர் வாங்கிய பத்திரமாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். அவர் அந்த 30 வருடத்துக்குள் வாங்கியிருந்தும் அந்தப் பதிவே இல்லாமல் நில் என்று வந்தால், தேடியதே தப்பு. பெரும்பாலும் உட்பிரிவு எண்தான் காரணம். இன்று 214/3B என்று இருக்கும் நிலம் பழைய பத்திரத்தில் வெறும் 214/3 என்று இருக்கும். இரண்டு எண்ணிலும் போட்டுப் பாருங்கள்.

கரூரிலிருந்து: பாட்டி இறந்ததிலிருந்து 12 வருஷத்துக்கு மேல் அந்தச் சேலத்து அத்தை பங்கு கேட்கவே இல்லையே. அவர் உரிமை காலாவதி ஆகியிருக்குமே மேடம்?

பதில்: அந்நியர் ஒருவர் 12 வருடம் எதிரிடையாக அனுபவித்தால் நீங்கள் சொல்வது பொருந்தலாம். கூட்டுரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால், அது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "உனக்கு இங்கே பங்கே இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதை நிரூபித்தால்தான் அந்த 12 வருடம் ஓடத் தொடங்கும். அப்படி நடந்ததா என்பது சாட்சி வைத்து நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அந்த வழக்கைக் காசு கொடுத்து வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

நாகர்கோவிலிலிருந்து: நாங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தில் வாங்குகிறோம். அங்கேயும் பாட்டிக்குப் பங்கு உண்டா?

பதில்: இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கு இல்லை. மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியக் குடும்பமாக இருந்தால் பிள்ளைகள் இருந்தாலும் தாய்க்கு ஆறில் ஒன்று உண்டு. அதனால்தான் ஒப்பீனியன் கேட்கும் கடிதத்தில் விற்பவரின் மதத்தையும் எழுதுங்கள் என்கிறேன். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

சென்னையிலிருந்து: மேடம், நான் அட்வான்ஸ் கொடுத்துப் பத்து மாதம் ஆகிறது. வீட்டைக் காலி செய்தால் ஓனர் திருப்பித் தருவாரா?

பதில்: நீங்கள் கேட்பது வாடகை அட்வான்ஸ், இங்கே பேசுவது கிரய அட்வான்ஸ். வாடகை ஒப்பந்தத்தோடு தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து: நான் அவசரப்பட்டு 1 லட்சம் கொடுத்துவிட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியதுதான். இப்போது ஒப்பீனியன் வாங்கினால் பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு, தாமதிக்க வேண்டாம். உரிமையில் உண்மையான குறை இருந்து அதற்காக நீங்கள் வாங்க மறுத்தால், கொடுத்த பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பணத்துக்கு விற்பவரின் சொத்தின் மேலேயே பாத்தியமும் உண்டு. ஆனால் அந்தத் துண்டுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? "குறித்த தேதியில் கிரயம் முடிக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று மட்டும் இருந்தால் இழுபறி ஆகும். அடுத்த பைசா கொடுப்பதற்கு முன், "வாங்குபவரின் வழக்கறிஞர் உரிமையில் குறை கண்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வரியோடு முறையான ஒப்பந்தம் போடுங்கள். சீட்டின் படத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

கோவையிலிருந்து: பேங்கில் லோன் போடப் போகிறோம். அவர்கள் வக்கீலே பார்ப்பாரே, நாம் எதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும்?

பதில்: வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கிக்காக. கடனுக்குப் போதுமான பாதுகாப்பு இருக்கிறதா என்பதே அவர் முன் உள்ள கேள்வி. அப்புறம், அவரிடம் பேப்பர் போகும்போது நீங்கள் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தமும் போட்டிருப்பீர்கள். அவர் குறை சொன்னால் லோன் நிற்கும், உங்கள் பணமும் விற்பவரிடம் நிற்கும்.

மீண்டும் சேலம் வாசகர்: அத்தை கையெழுத்துப் போடச் சம்மதம் என்கிறார். சித்தப்பா மலேசியாவில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. அவர் பங்குக்கான பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் கிரயம் செய்துகொள்ளலாமா?

பதில்: பணத்தைப் பிடித்து வைத்தாலும் அவர் பங்கு அவரிடமேதான் இருக்கும். நீங்கள் அவரோடு கூட்டுரிமையாளர் ஆவீர்கள், அவ்வளவுதான். அவர் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதற்கு அவர் முதலில் பேச வேண்டும். விலை தெரிந்த பிறகு அவர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் பதில் எழுத்தில் வரும் வரை டோக்கன் போட வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் வேறு பார்ட்டி வந்துவிடும் என்று புரோக்கர் சொன்னால், வரட்டும். அந்தப் பார்ட்டிக்கும் சித்தப்பாவின் கையெழுத்து வேண்டும்.