மேலே போகும் லிஃப்ட், கீழே போக நிற்பவருக்காக நிற்கலாமா?

கேள்வி: ஐயா, காட்பாடியில் தரைத்தளமும் நான்கு மாடிகளும் கொண்ட எங்கள் குடியிருப்புக்குச் சங்கத்தின் பெயரில் 11,80,000 ரூபாய்க்கு லிஃப்ட் வாங்கி 19 மாதம் ஆகிறது. கொட்டேஷனில் ‘ஃபுல் கலெக்டிவ்’ என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் மேல், கீழ் என இரண்டு பொத்தான்கள் உண்டு. ஆனால் இரண்டாம் மாடியில் கீழே போக அழுத்தினால் மேலே போகிற லிஃப்டே நின்றுவிடுகிறது. கரண்ட் போய் வந்தால் அழுத்தியதெல்லாம் மறந்துவிடுகிறது. வாக்கர் வைத்து நடக்கும் எங்கள் அத்தையின் தோளில் கதவு இடித்தது. “சின்ன லிஃப்ட் இப்படித்தான் இருக்கும்” என்கிறது கம்பெனி. வழக்குப் போடலாமா? — சங்கச் செயலாளர், காட்பாடி

பதில்: போடலாம். ஆனால் தங்களுடைய மூன்று குறைகளும் ஒரே எடை உடையவை அல்ல. மின்சாரம் பற்றிய குறையை மனுவில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. மாடிகளிலிருந்து வரும் அழைப்புகள், லிஃப்டை இயக்கும் கன்ட்ரோலரின் தற்காலிக நினைவில்தான் இருக்கும். மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது, லிஃப்ட் முதலில் தான் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு புதிய அழைப்புகளுக்காகக் காத்திருக்கும். முன்பு அழுத்தியவர் அதற்குள் படி வழியாக இறங்கிப் போயிருக்கலாம் என்பதால், பழைய அழைப்புகளை அழித்துவிடுவதே பொதுவான வழக்கம். இதையும் குறையாகச் சேர்த்தால், வலுவான மற்ற இரண்டையும் எதிர்த்தரப்பு இதைக் காட்டியே இலேசாக்கிவிடும். மின்தடையின்போது அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் ஏ.ஆர்.டி. கருவிக்கும் பணம் கொடுத்திருந்து, அது வேலை செய்யாவிட்டால் மட்டும் அதைத் தனிக் குறையாக எழுதுங்கள்.

திசை பற்றிய குறைதான் ஒப்பந்த மீறல். ஃபுல் கலெக்டிவ் முறையில் மேல் அழைப்பையும் கீழ் அழைப்பையும் கன்ட்ரோலர் தனித்தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டும். மேலே போகும்போது மேல் அழைப்புகளுக்கும் உள்ளே இருப்பவர்கள் அழுத்திய தளங்களுக்கும் மட்டும் நின்று, மேலே வேறு அழைப்பு எதுவும் இல்லாத நிலையில்தான் திசை திரும்பி, இறங்கும் வழியில் கீழ் அழைப்புகளை வரிசையாக எடுக்க வேண்டும். ஓர் அழைப்பு அதற்குரிய திசையில் லிஃப்ட் வந்து நின்ற பிறகே அழிய வேண்டும். தங்கள் லிஃப்ட் தவறான திசையில் நிற்பதோடு அந்த அழைப்பை அழித்தும் விடுகிறது என்றால், ஏறாமல் காத்திருந்தவரை இறங்கும்போது அது கடந்து போய்விடும். அவர் மறுபடியும் அழுத்த வேண்டியிருக்கும்.

இதை நிரூபிக்கும் சோதனை எளிது. ஆனால் ஒரு நுணுக்கம் தவறினால் சாட்சியம் வீணாகும். லிஃப்ட் தரைத்தளத்தில் இருக்கும்போது ஒருவர் உள்ளே சென்று 4 என்ற பொத்தானை அழுத்தட்டும். உடனே இரண்டாம் மாடியில் மற்றொருவர் கீழ் பொத்தானை மட்டும் அழுத்தட்டும். சரியான லிஃப்ட் இரண்டாம் மாடியைக் கடந்து நான்காம் மாடிக்குப் போய், திரும்பும் வழியில்தான் அங்கே நிற்கும். உள்ளே யாரும் 4 அழுத்தாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. மேலே வேறு அழைப்பு இல்லாதபோது, தரைத்தளத்திலிருந்து ஏறிவரும் லிஃப்ட் இரண்டாம் மாடியின் கீழ் அழைப்புக்கு நிற்பது முற்றிலும் சரியான நடத்தை. அப்படி எடுத்த வீடியோவைக் கம்பெனியின் வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

சோதனையின்போது பொத்தான் விளக்குகளையும் கவனியுங்கள். கீழ் பொத்தானை அழுத்தியதும் மேல் பொத்தானின் விளக்கும் சேர்ந்து எரிந்தால், இரண்டு பொத்தான்களின் வயர்களும் கன்ட்ரோலரில் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் தாங்கள் எதை அழுத்தினாலும் லிஃப்டுக்குத் திசை தெரியாது. விளக்கு தனித்தனியாக எரிந்தும் தவறாக நின்றால், கன்ட்ரோலரில் இயக்க முறையைத் தேர்வு செய்யும் அமைப்பு வேறாக வைக்கப்பட்டிருக்கலாம். முதலாவதற்கு வயரிங் வேலை தேவை. இரண்டாவது பெரும்பாலும் மெனுவில் மாற்றக்கூடியது. எப்படியிருந்தாலும் இது சரிசெய்யக்கூடிய குறை என்பதால், முழு விலையையும் திருப்பிக் கேட்பது நிலைக்காது. குறையை நீக்கித் தரவும், நீக்க முடியாவிட்டால் விலை வித்தியாசத்தைத் தரவும், இழப்பீடும் செலவும் வழங்கவும் கேளுங்கள்.

தங்கள் அத்தைக்கு நேர்ந்ததை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன், ஏனெனில் இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, நாளை இதைவிட மோசமாக நடக்கலாம். கதவு முழுதும் திறந்த கணத்திலிருந்து மூடத் தொடங்கும் கணம் வரையுள்ள நேரத்தை வீடியோவில் அளந்து வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் லிஃப்டுக்கு, மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள் குறைந்தது 5 விநாடி நேரத்தையும், மூடும் வேகம் விநாடிக்கு 0.25 மீட்டருக்கு மிகாமலும் கேட்கின்றன. வெளியிலிருந்து வந்த அழைப்புக்கு, உள்ளே அழுத்தியதற்கு நின்றதைவிடக் கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி தனித்தனியாக வைக்கலாம். நடந்து வந்து ஏறுபவருக்கு அந்த நேரம் தேவை. இந்த நேரங்களைப் பராமரிப்பு ஊழியர் கன்ட்ரோலரிலேயே மாற்ற முடியும் என்பதால், “இப்படித்தான் இருக்கும்” என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நேரத்தை மட்டும் கூட்டினால் போதாது. மூடும் கதவுக்கு நடுவே ஒரு அட்டையை முழங்கால் உயரத்திலும் தோள் உயரத்திலும் நீட்டிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் தொடாமலேயே கதவு திரும்பத் திறக்க வேண்டும். தோளில் இடித்திருக்கிறது என்பதால் அந்த உயரத்தில் சென்சார் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கிறேன்.

இதற்கு நுகர்வோர் ஆணையத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் லிஃப்டுகள் 1997ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று இயங்குகின்றன; அதற்குரிய மின் ஆய்வாளருக்கு இன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஆனால் அவர் பார்ப்பது பாதுகாப்பை மட்டுமே. கொட்டேஷனில் எழுதியதைக் கம்பெனி தரவில்லை என்ற தகராறு அவருடைய வேலை அல்ல. அது வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உரியது.

அங்கே தங்களுக்கு நெருக்கடி தருவது காலக்கெடுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 69ஆம் பிரிவு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் தருகிறது. ஒப்படைத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. பில் சங்கத்தின் பெயரில் இருப்பது நல்லது. பதிவு பெற்ற சங்கம் தானே வாங்கியவர் என்ற முறையில் புகார் செய்யலாம். பில்டர் வாங்கிக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு: சட்டத்தின் கட்டாயத்தால் அமைந்த குடியிருப்புச் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகத் ‘தன்னார்வ நுகர்வோர் சங்கம்’ என்ற பெயரில் வழக்காட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியிருக்கிறது. தாங்கள் கொடுத்த விலைக்கு ஆணையக் கட்டணம் 400 ரூபாய். வீடியோக்களுடன் பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் 63ஆம் பிரிவுப்படியான சான்றிதழை இணையுங்கள். லிஃப்டை நேரில் ஆய்வு செய்ய நிபுணர் ஆணையரை நியமிக்கக் கோரித் தனி மனுவும் போடுங்கள்.

அதற்கு முன் கம்பெனிக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பெரும்பாலும் ஒரு டெக்னீஷியனை அனுப்பி ஏதாவது மாற்றிவிட்டு, சர்வீஸ் தாளில் ‘முழுத் திருப்தி’ என்று கையெழுத்துக் கேட்பார்கள். இரண்டாம் மாடிச் சோதனையையும் அட்டைச் சோதனையையும் அவர் கண் முன்னே மறுபடி செய்து, கிடைத்த முடிவை அந்தத் தாளிலேயே எழுதிய பிறகு மட்டும் கையெழுத்திடுங்கள்.