மதுரைக்குத் திரும்பலாமா? முதலில் டாப்-அப் கடனை நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. சென்னை பெருங்குடியில் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வருவது 92,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா மேலூரில் தனியாக இருப்பதால், மதுரையில் 66,000 ரூபாய்க்கு வந்திருக்கும் வேலையில் சேரலாமா என்று யோசிக்கிறோம். தம்பியின் செல்போன் கடைக்காக 2021-இல் 5 லட்சம் தனிநபர் கடன் வாங்கினேன். இரண்டு முறை டாப்-அப் செய்ததில் இப்போது 7,68,000 பாக்கி, மாதத் தவணை 19,780, வட்டி 14 சதவீதம், இன்னும் 52 மாதங்கள் உள்ளன. தம்பி மேலும் 2 லட்சம் கேட்கிறார். மியூச்சுவல் ஃபண்டில் 2,40,000, வங்கி வைப்பில் 1,50,000 இருக்கிறது. மதுரையில் மிச்சமாகும் வாடகையில் தவணை மனை வாங்கச் சொல்கிறார் நண்பர். எது சரி?

பதில்: ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன் டாப்-அப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2021-இல் வாங்கிய 5 லட்சத்துக்கு ஐந்தாண்டுத் தவணை ஏறக்குறைய 11,600 ரூபாய்தான். அதைத் தொடாமல் விட்டிருந்தால் 2026-இல் முடிந்திருக்கும். பாதி அடையும் நேரத்தில் வங்கியிலிருந்து அழைப்பு வந்தது, தம்பியும் கேட்டார், பழைய பாக்கியோடு புதுத் தொகையைச் சேர்த்து மறுபடியும் அறுபது மாதங்களுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். கடனின் தொடக்க ஆண்டுகளில்தான் தவணையில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால், ஒவ்வொரு டாப்-அப்பும் உங்களை அந்தக் கனமான பகுதிக்கே திருப்பி அனுப்புகிறது. இந்த மாதம் நீங்கள் கட்டும் 19,780 ரூபாயில் சுமார் 9,000 வட்டிக்கே போகிறது. இன்னும் 2 லட்சம் சேர்த்தால் தவணை 22,500-ஐத் தாண்டும், காலமும் மீண்டும் ஐந்தாண்டு ஆகும்.

இப்போது இரண்டு ஊர்களையும் தோராயமாக எடுத்து வைத்துப் பார்ப்போம். சென்னையில் இருவர் வருமானம் 1,10,000. வாடகை 24,000, பள்ளிக்கு மாதக் கணக்கில் 10,000, போக்குவரத்து 6,000, வீட்டுச் செலவு 28,000, அம்மாவுக்கு 6,000, காப்பீடு 4,000, கடன் தவணை என்று போட்டால் கையில் 12,000 அளவுக்கு நிற்கும். மதுரையில் உங்கள் மனைவிக்குத் தொடக்கத்தில் 12,000 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் வருமானம் 78,000. வாடகை 12,000 ஆகவும், பள்ளிச் செலவு 6,000 ஆகவும், போக்குவரத்து 3,000 ஆகவும் குறையும். ஆனால் அரிசி, எண்ணெய், சிலிண்டர், செல்போன் கட்டணம் எதுவும் ஊர் பார்த்துக் குறைவதில்லை. ஆகவே வீட்டுச் செலவை 24,000-க்குக் கீழே நான் எழுத மாட்டேன். அம்மாவுக்குத் தருவதும் காப்பீடும் அப்படியே இருக்கும். புதிய நிறுவனம் அம்மாவைக் குழுக் காப்பீட்டில் சேர்க்காவிட்டால் அவருக்குத் தனியாக மாதம் 2,500 ஒதுக்க வேண்டும். தவணையையும் கழித்தால் மிஞ்சுவது ஆயிரத்துக்கும் குறைவு.

நண்பர் சொல்லும் மிச்ச வாடகை இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. தவணை மனையில் பெரும்பாலும் முழுத் தொகையும் கட்டிய பிறகே பத்திரப் பதிவு நடக்கும். அதுவரை உங்கள் கையில் இருப்பது ரசீதுதான். மனைப்பிரிவுக்கு டிடிசிபி ஒப்புதலும் தமிழ்நாடு ரெரா பதிவு எண்ணும் இருந்தாலும்கூட, 14 சதவீதக் கடன் தலைமேல் இருக்கும்போது மனை வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.

அதே கணக்கில் கடன் தவணையை மட்டும் எடுத்துவிடுங்கள். மதுரையில் மாதம் 20,000-க்குச் சற்று மேல் மிஞ்சும், சென்னையில் 32,000 மிஞ்சும். வித்தியாசம் மாதம் 11,500 அளவுதான். அம்மா பக்கத்தில் இருப்பதற்கும், தினமும் பெருங்குடிப் போக்குவரத்தில் நிற்காமல் மகளுடன் மாலையைக் கழிப்பதற்கும் அந்தத் தொகையை ஒரு குடும்பம் மனமறிந்து கொடுக்கலாம். கடனோடு போனால் அந்த வாய்ப்பே உங்களுக்கு இருக்காது. மேலூருக்கு அருகில் வந்த பிறகு தம்பியின் அடுத்த கேள்வி தொலைபேசியில் வராது, வீட்டு வாசலுக்கே வரும்.

ஆகவே இந்த வேலையை இப்போது ஏற்க வேண்டாம். மியூச்சுவல் ஃபண்டிலிருக்கும் 2,40,000-ஐ எடுத்துக் கடனில் கட்டுங்கள். 14 சதவீத வட்டி கொடுத்துக்கொண்டே, உறுதியில்லாத வருமானத்துக்காக முதலீடு செய்வதை இப்போது எல்லோரும் ஒழுக்கம் என்று பாராட்டுகிறார்கள்; நான் அதை ஏற்பதில்லை. பாக்கி 5,28,000 ஆன பிறகு, தவணையோடு மிச்சமாகும் 12,000-ஐயும் சேர்த்து மாதம் 31,780 கட்டினால் சுமார் 19 மாதங்களில் கடன் முடியும். தனிநபர் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுவதால் முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் இருக்கலாம், பகுதித் தொகையை எப்போது ஏற்பார்கள் என்பதிலும் விதி இருக்கலாம். ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வங்கிக்குச் செல்லுங்கள். மாதாமாதம் ஏற்க மறுத்தால் தனிக் கணக்கில் சேர்த்து, அனுமதிக்கும் நேரத்தில் மொத்தமாகக் கட்டுங்கள். வைப்பில் இருக்கும் 1,50,000-ஐத் தொடாதீர்கள்.

தம்பியிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: கடை அவருடையது, இனிக் கடனும் அவர் பெயரில்தான். 2 லட்சம் முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவுக்குள் வரும் தொகை. வங்கி மேலாளர் கடையின் கொள்முதல் பில், விற்பனை, கணக்கு அறிக்கை எல்லாம் கேட்பார். ஐந்தாண்டுகளாக நீங்கள் கேட்காமல் விட்டவை அவை. அவற்றைப் பார்த்தபின் வங்கி மறுத்தால், அந்தக் கடைக்கு இன்னும் பணம் போடக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

வேலை வளர்ச்சியைப் பொறுத்தவரை, சம்பள உயர்வு சதவீதத்தில் வருவதால் இன்றைய 26,000 இடைவெளி அப்படியே நிற்காது. இரு பக்கமும் ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்தால் ஐந்தாண்டில் 38,000 ஆகிவிடும். மேலும், சென்னையில் வேலை போனால் அதே ஓஎம்ஆர் சாலையில் கதவு தட்ட நிறைய இடங்கள் உண்டு. மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் வளாகங்களையும் இன்னும் சில நிறுவனங்களையும் விட்டால் உங்கள் துறைக்கு அதிக இடமில்லை. சென்னையில் ஆறு மாதச் செலவு கையிருப்பில் இருந்தால் போதும் என்பேன்; மதுரைக்கு ஒன்பது மாதமாவது வேண்டும். இந்த இடைவெளியில் இப்போதைய நிறுவனத்திடமே மதுரைக்கு மாற்றலோ, மாதத்தில் சில நாள் மட்டும் சென்னை வரும் ஏற்பாடோ கேளுங்கள். அது கிடைத்தால் சம்பளமும் உயர்வும் கைவிட்டுப் போகாது.

கடன் முடியும் தறுவாயில் மதுரையிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தால், கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வருங்கால வைப்பு நிதியை உண்மையான அடிப்படைச் சம்பளத்தில் கட்டுகிறார்களா, 15,000 என்ற வரம்பில் நிறுத்தி மாதம் 1,800 மட்டும் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் 45,000 என்றால் நிறுவனத்தின் பங்கில் மட்டும் மாதம் 3,600 ரூபாய் வித்தியாசம். அம்மாவுக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டியிருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள் வரை இருக்கக்கூடும் என்பதால், அதை மதுரைக்குப் போகும் நாள் வரை தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். முன்கூட்டிக் கட்டுவது இரண்டு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.