அந்த நாலு சுரம் எங்கிருந்து வந்தது?

‘தி ஷைனிங்’ படத் தொடக்கத்தில் மலைச்சாலையில் கார் போகும்போது ஒரு கனமான மெட்டு வருகிறது. பெர்லியோஸின் சிம்பொனியிலும் அதைக் கேட்டேன். அது பெர்லியோஸ் மெட்டுதானே?

மெட்டு ஒன்றுதான், ஆனால் அவர் போட்டதல்ல. கத்தோலிக்க இறந்தோர் பூசையில் லத்தீனில் பாடிய ‘டீஸ் ஈரே’ என்ற பழைய பாடலின் தொடக்கம் அது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெர்லியோஸ் 1830இல் ‘சிம்பொனி ஃபன்டாஸ்டிக்’கின் ஐந்தாம் பகுதியில், மணியோசைக்கு அப்புறம், தாழ்ந்த சுருதிக் கருவிகளில் அதை மெதுவாக ஊதவைத்தார். 1980இல் வந்த படத்துக்கு வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் அதை சிந்தசைசரில் வாசித்தார்கள்.

சுருதி ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கிறதே, எப்படி உறுதி செய்வது?

நாலாவதாக இறங்கி நிற்கும் சுரத்தை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். க ரி க ஸ என்று வரும். கவனிக்க வேண்டியது முதல் இறக்கம்: சாதாரண காந்தாரத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு, கீபோர்டில் அடுத்த கட்டைக்குத்தான் போகவேண்டும். நடுவில் ஒரு கட்டை விட்டுப்போனால் அது மூல வடிவம் இல்லை. பிறகு ரி, கீழ் நி, ஸ ஸ என்று தொடர்கிறதா என்று பாருங்கள். எட்டும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். பெர்லியோஸே முதலில் மெதுவாகவும், அடுத்து இரட்டை வேகத்திலும், அப்புறம் இன்னும் துள்ளலாகவும் அதையே வாசிக்கவைக்கிறார்.

நான் பாடும் கரகரப்பிரியா கீர்த்தனையிலும் க ரி க ஸ வருகிறது. அதுவும் இதுதானா?

இல்லை. அந்த ராகத்தில் அந்தச் சுரங்கள் இயல்பாகவே வரும், அதிலும் காந்தாரம் கமகத்தோடு அசையும். மேற்கோள் என்று சொல்ல, சுற்றியுள்ள இசையிலிருந்து அது தனித்து நிற்கவேண்டும், அல்லது மரணம், பேய் போன்ற சூழல் துணைக்கு இருக்கவேண்டும்.

ராக்மனினோவின் பகானினி ராப்சடியில் இருக்கிறதாம். என் காதில் விழவில்லை.

ஏழாவது மாறுபாட்டுக்குப் போங்கள். வேகம் குறைந்து, பியானோவில் கனத்த சுரக்கூட்டுகளாக வரும். 1934இல் எழுதிய படைப்பு இது. அங்கே யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவருடைய வேறு படைப்புகளில் முதல் நாலு சுரத்தின் சாயல் மட்டும் வரும் இடங்களை மேற்கோளாக எண்ணுவதா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு, அடுத்த நாலும் வராதவரை ஒப்ப மனமில்லை.

தலத் மஹ்மூதும் லதாவும் பாடிய ‘இத்னா நா முஜ்ஸே’ பாட்டில் மொஸார்ட் இருக்கிறார் என்கிறார் அப்பா. அதுவும் டீஸ் ஈரேதானா?

அது வேறு. அப்பா சொன்னது சரி. 1961இல் ‘சாயா’ படத்துக்காக சலில் சௌத்ரி, மொஸார்ட்டின் 40ஆவது சிம்பொனியின் தொடக்கத்தைப் பல்லவியாக்கினார். த ப ப, த ப ப, த ப ப, பிறகு மேல் க என்று தாவும் இடம்தான் அடையாளம். சிம்பொனியின் முதல் அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டுப் பாட்டைப் போடுங்கள். அந்தத் தாவலில் அப்பாவே தலையாட்டுவார்.