தொடர்களில் வரும் கற்பனை ஊர்கள் நிஜ ஊர் போலவே தோன்றுவது எப்படி? பெயர், வரலாறு, வரைபடம் எல்லாம் எப்படி உருவாக்குகிறார்கள்?

கற்பனை ஊர் என்பது பல கதைகளுக்குப் பொதுவான இடம். ஒரு கதையில் சொன்னது அடுத்ததிலும் மாறாமல் இருந்தால்தான் வாசகர் நம்புவார்.

ஆர்.கே. நாராயணின் மால்குடியைப் பாருங்கள். 1935 முதல் பல நாவல்களில் அதே ஊர்தான். தெருப்பெயர்களே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். கபீர் தெரு பழைய ஊர்ப்பகுதி. லாலி எக்ஸ்டென்ஷன், ஆல்பர்ட் மிஷன் பள்ளி என்றதும் வெள்ளைக்காரர் காலம் தெரிகிறது. விடுதலைக்குப் பிறகு நகராட்சி தெருப்பெயர்களை மாற்றி, லாலி துரையின் சிலையையும் அகற்ற முடிவெடுப்பதே ஒரு கதை. எல்லாத் தெருவுக்கும் ஒரே காலத்துப் பெயர் வைத்தால், நேற்றுப் போட்ட மனைப்பிரிவு போலாகிவிடும்.

வரைபடத்துக்கு ஓவியத் திறமை வேண்டாம். முதலில் ஆறு, பிறகு ரயில் பாதை, கடைத்தெரு, கடைசியில் வீடுகள். இடங்களுக்கிடையே நடை நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: மூன்றாம் பகுதியில் பத்து நிமிடம் நடந்து ஆற்றுக்குப் போனவர், எட்டாம் பகுதியில் பேருந்துக்குக் காத்திருப்பார். புது வீட்டுக்குக் குடிபோனவர் முதல் வாரத்தில் கடையையும் பஸ் ஸ்டாப்பையும் மட்டும் தெரிந்துகொள்வது போல, வாசகருக்கும் தேவைப்படும்போது ஒவ்வோர் இடமாகக் காட்டினால் போதும்.

ஆகும்பேதான் மால்குடி என்று பலர் நினைக்கிறார்கள். அது 1980களில் சங்கர் நாக் மால்குடி கதைகளைத் தொலைக்காட்சித் தொடராகப் படம்பிடித்த கர்நாடக ஊர், அவ்வளவுதான்.