ஒன்பது வாரம் கீழே கிடந்த விலை ஸ்பிரிங்தானா?

கேள்வி: ஆறு வருடமாக கிரிப்டோவில் இருக்கிறேன். பெரிய ரேஞ்சின் சப்போர்ட் உடைந்து விலை திரும்ப மேலே வந்தால் ஸ்பிரிங் என்று வாங்குவேன். 2022 கடைசியில் பிட்காயினில் இரண்டு தடவை அப்படி நுழைந்தேன், இரண்டிலும் ஸ்டாப்லாஸ் அடித்தது. பிறகு பார்த்தால் அதுதான் அடிமட்டம். எங்கே தவறினேன்? (வேளச்சேரி வாசகர்)

பதில்: தேதி எழுதவில்லை நீங்கள். நவம்பர் 10, டிசம்பர் 14 என்று ஊகிக்கிறேன். அந்த இரண்டு நாளும் விலை 18,000 டாலருக்கு மேல் தலையை நீட்டிவிட்டு மறுபடி கீழே போனது. ரேஞ்ச் வீக்லி சார்ட்டில் உருவானது, நீங்களோ டெய்லி கேண்டிலைப் பார்த்து நுழைந்திருக்கிறீர்கள். தவறு அவ்வளவுதான்.

அந்த ரேஞ்சை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 2022 ஜூன் 18 அன்று பீதி விற்பனையில் விலை ஏறக்குறைய 17,600 வரை இறங்கியது. அங்கிருந்து ஆகஸ்ட் நடுவில் 25,200 வரை ஏறித் திரும்பியது. கீழ்க்கோடு 17,600, மேல்கோடு 25,200. நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோது கீழ்க்கோடு உடைந்தது. நவம்பர் 9 அன்று 15,600-ஐத் தொட்டு, மறுநாளே 18,000-க்கு மேல் துள்ளியது. டெய்லியில் பார்த்தால் பாடப்புத்தக ஸ்பிரிங். ஆனால் அந்த வாரம் முடிந்தது 16,300-ல். நவம்பர் 21 அன்று முந்தைய அடியையும் உடைத்து 15,500 வரை போனது. உங்கள் முதல் ஸ்டாப் அங்கேதான் போயிருக்கும்.

வீக்லி குளோஸ் தொடர்ந்து ஒன்பது வாரம் 17,600-க்குக் கீழேயே இருந்தது. 2023 ஜனவரி 15-ல் முடிந்த வாரம்தான் முதன்முதலாக மேலே, 20,900 அருகில் குளோஸ் ஆனது. ஸ்பிரிங் என்று சொல்ல உரிமை கிடைத்தது அன்றைக்குத்தான். நம் ஊரில் வீக்லி கேண்டில் முடிவது திங்கள் காலை 5:30 மணிக்கு. ஞாயிறு இரவு பத்து மணிக்கு அழகாகத் தெரியும் கேண்டிலை நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

"ஒன்பது வாரம் கீழே கிடந்தால் அது உடைந்துபோனது என்றுதானே அர்த்தம்?" என்று கேட்பீர்கள். உண்மையாக உடையும் ரேஞ்ச் அப்படிக் காத்திருக்காது. அதே 2022 மே மாதம் பிட்காயின் 30,000-ஐச் சுற்றி வாரக்கணக்கில் ஆடியது. ஜூனில் அது உடைந்ததும் ஒரே வாரத்தில் 26,000-த்திலிருந்து 17,600 வரை சரிந்தது. வாங்க ஆளில்லாத விலை அப்படித்தான் விழும். நவம்பரில் செய்தி அதைவிட மோசம், ஒரு பெரிய எக்ஸ்சேஞ்சே திவால். ஆனாலும் விலை கோட்டுக்குக் கீழே 12 சதவீதம்தான் இறங்கி, அங்கேயே படுத்துவிட்டது. டிசம்பர் கடைசி வாரத்தில் மொத்த ஏற்ற இறக்கமே ஆயிரம் டாலருக்குக் குறைவு. கெட்ட செய்தி இருந்தும் விலை இறங்க மறுக்கிறது என்றால், விற்க வேண்டியவர்கள் விற்று முடித்துவிட்டார்கள். ஸ்பிரிங்கில் நான் தேடுவது அந்தச் சோர்வைத்தான். நீளமான வால் இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

சரி, எங்கே வாங்குவது? ஜனவரி 15 குளோஸில் 20,900-க்கு வாங்கினால் ஸ்டாப் 15,500-க்குக் கீழே, ஏறக்குறைய 26 சதவீத தூரத்தில். பத்து லட்சம் ரூபாய் முதலீட்டில் ஒரு சதவீதம், அதாவது பத்தாயிரம் ரூபாய்தான் இழக்கத் தயார் என்றால், வாங்க முடிவது சுமார் 38,500 ரூபாய்க்கு. நான் பொறுத்திருப்பது டெஸ்ட்டுக்காக, அதாவது விலை மறுபடி இறங்கி, பழைய அடிக்கு மேலேயே தாங்குகிறதா என்று பார்ப்பதற்காக. பிப்ரவரியில் விலை பழைய மேல்கோடு வரை ஏறித் திணறியது. மார்ச் 10 அன்று அமெரிக்க வங்கிப் பீதியில் 19,500 அருகே இறங்கியது. 17,600-ஐத் தொடவே இல்லை. அந்த வாரம் 22,000 அருகில் முடிந்தது. அங்கே வாங்கினால் ஸ்டாப் 19,500-க்குக் கீழே, 11 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே பத்தாயிரம் ரூபாய் ரிஸ்க்கில் 88,000 ரூபாய்க்கு வாங்கலாம். விலை கொஞ்சம் கூடக் கொடுத்து, இரண்டு மடங்குக்கு மேல் பொசிஷன்.

இனி வால்யூம். ஸ்பிரிங்கில் வால்யூம் குறைவாக இருக்க வேண்டும், டெஸ்ட்டில் இன்னும் குறைய வேண்டும் என்று படித்திருப்பீர்கள். இந்த ரேஞ்சில் அதை அப்படியே பொருத்த முடியாது. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2022 ஜூலை 8 முதல் பிட்காயின் ஸ்பாட் வர்த்தகத்துக்குக் கட்டணமே இல்லை என்று அறிவித்தது. கட்டணம் இல்லாவிட்டால் அதே காசை ஒரு நாளில் ஆயிரம் தடவை புரட்டலாம், புரட்டினார்கள். அதனால் BINANCE:BTCUSDT சார்ட்டில் ஜூன் மாத வால்யூமும் நவம்பர் மாத வால்யூமும் ஒரே தராசில் நிறுத்தப்பட்டவை அல்ல. 2023 மார்ச் 22-ல் அந்தச் சலுகை BTCUSDT ஜோடிக்கு முடிந்ததும் வால்யூம் திடீரென்று சுருங்கியது. அதையும் சிலர் "விற்பனை வற்றிவிட்டது" என்று படித்தார்கள்! அந்தக் காலத்தைப் பார்க்க COINBASE:BTCUSD-ஐத் திறந்து வையுங்கள். இங்குள்ள எக்ஸ்சேஞ்சுகளின் ரூபாய் ஜோடிச் சார்ட்டில் ஸ்பிரிங் தேடவே வேண்டாம். ஆர்டர் புக் அவ்வளவு மெல்லியது, ஒருவர் அவசரத்துக்கு விற்றாலே வால் விழுந்துவிடும்.

இதில் எதையும் டெலிகிராம் சேனல்காரர்கள் சொல்ல மாட்டார்கள். ஓஎம்ஆரில் ஒரு ஹோட்டலில் நடந்த வார இறுதி வகுப்புக்கு நானும் ஒருமுறை பணம் கட்டிப் போனேன். திரையில் ஏற்கெனவே முடிந்துபோன சார்ட், அதன்மேல் ரேஞ்சின் நிலைகளாக ஏ முதல் இ வரை கட்டங்கள். கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி. நடப்பு வாரக் கேண்டிலைக் காட்டி "இது எந்தக் கட்டம்?" என்று கேட்டேன். அது அடுத்த நிலை வகுப்பில் வருமாம், கட்டணம் தனி.

உச்சத்தில் விற்றுத் தள்ளும் டிஸ்ட்ரிபியூஷனில் வரும் அப்த்ரஸ்ட் இதன் தலைகீழ்தான், மேல்கோட்டை உடைத்துவிட்டுத் திரும்பக் கீழே வரும், ஆனால் அது இவ்வளவு பொறுமையாக இருக்காது. 2021 நவம்பர் 10-ல் பிட்காயின் 69,000-ஐத் தொட்டது. ஏப்ரல் உச்சம் 64,800. நவம்பர் 14-ல் முடிந்த வாரம் 65,500 அருகில், பழைய உச்சத்துக்கு மேலேயே குளோஸ் ஆனது. பிரேக் அவுட் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வாரமே 58,600. ஆகவே மேலே உடைத்தால் ஒரு வீக்லி குளோஸ் போதாது, அடுத்த கேண்டிலும் கோட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் கையிலிருப்பதைக் குறைக்கத் தொடங்குங்கள்.

உங்கள் இரண்டு ஸ்டாப்லாஸுக்கு வருகிறேன். தலா இருபதாயிரம் போனது, மூன்றாவதில் அறுபதாயிரம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கையில் மிச்சம் இருபதாயிரம் என்று நினைப்பீர்கள். வருமான வரிச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு லாபத்தில் கழிக்க விடாது. அறுபதாயிரத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 18,720 ரூபாய். மிச்சம் 1,280. விற்கும்போது ஒரு சதவீத டிடிஎஸ் வேறு பிடித்துக்கொண்டு, வரி கணக்கு தாக்கல் செய்யும்வரை நம் காசை முடக்கி வைப்பார்கள். பங்குச் சந்தைக்காரர் "மூன்று தடவை முயற்சி செய், ஒன்று பலித்தால் போதும்" என்பார், அவருக்கு நஷ்டத்தைக் கழிக்க வழி இருக்கிறது. உங்களுக்கு இல்லை. அதனால்தான் முதல் துள்ளலை விட்டுவிட்டு டெஸ்ட்டுக்குக் காத்திருங்கள் என்கிறேன். சில ஸ்பிரிங்குகள் டெஸ்ட் கொடுக்காமலே ஓடிவிடும், அவற்றை நானும் தவறவிட்டிருக்கிறேன். தவறவிட்டதற்கு வரி இல்லை.