சேரும் தேதியை எப்போது சொல்வது?

அன்புள்ள ஐயா,

என் ஒப்பந்தப்படி 60 நாள் நோட்டீஸ். ஜூன் 3, செவ்வாய் அன்று ராஜினாமா கொடுத்தேன். பேசிப் பார்த்ததில், 45 நாளில் விட்டுவிடுவதாக மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். புதிய நிறுவனத்தின் ஹெச்ஆர் சேரும் தேதி கேட்கிறார். ஜூலை 21, திங்கள் என்று எழுதிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இன்றைக்கே எழுதிவிடாதீர்கள். மேனேஜர் சரி சொல்வது வேறு, நிறுவனம் விடுவிப்பது வேறு. எனக்கும் ஒருமுறை இப்படி வாய்வார்த்தையாகச் சலுகை கிடைத்தது. ஹெச்ஆரின் பதிவில் பழைய தேதியே இருந்தது எனக்குத் தெரியவந்தபோது, புதிய இடத்தில் தேதி கொடுத்து பத்து நாள் ஆகிவிட்டது. தேதியை மாற்றக் கேட்டு மெயில் எழுதக் கை வரவில்லை.

முதலில் மேனேஜருக்கு, ஹெச்ஆரையும் சேர்த்து, எழுதுங்கள்: “நாம் பேசியபடி என் கடைசி வேலை நாள் ஜூலை 18, வெள்ளி. உறுதிசெய்து பதில் தாருங்கள்.” 45 நாள் என்று எழுதாமல் தேதியையே எழுதுங்கள். ராஜினாமாவுக்கு மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூலை 18 வருகிறது. வாரத்துக்கு ஐந்து வேலை நாள் என்று வைத்து, வேலை நாட்களை மட்டும் எண்ணினால் அதே 45 ஆகஸ்டுக்குப் போய்விடும். நோட்டீஸில் எடுக்கும் லீவைக் கூட்டிக்கொள்கிற நிறுவனங்களும் உண்டு. குறைத்த 15 நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்களா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

பதில் எழுத்தில் வந்த பிறகு, நான் ஜூலை 28-ஐத்தான் கேட்பேன். வெள்ளி மாலை லேப்டாப்பை ஒப்படைத்தவுடன் ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்துவிடும் என்று சொல்ல முடியாது. பொறுப்பை ஒப்படைப்பது இரண்டு மூன்று நாள் இழுத்தாலும் 28 அசையாது. புதிய ஹெச்ஆருக்கு இப்படி எழுதலாம்:

“என் கடைசி வேலை நாள் ஜூலை 18 என்று தற்போதைய நிறுவனம் எழுத்தில் உறுதிசெய்துள்ளது. ஜூலை 28, திங்கள் அன்று சேர விரும்புகிறேன். இந்தத் தேதி உங்களுக்குச் சரியென்றால், ஆஃபர் லெட்டரிலும் மாற்றித் தர வேண்டுகிறேன். சேரும் நாளில் ரிலீவிங் லெட்டர் கட்டாயமா, ராஜினாமாவை ஏற்ற மெயில் போதுமா என்றும் தெரிவியுங்கள்.”

ஆஃபர் லெட்டரை மாற்றக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். குறித்த தேதிக்குள் சேராவிட்டால் ஆஃபர் செல்லாது என்று பலவற்றில் ஒரு வரி இருக்கும். ஹெச்ஆர் போனில் “பரவாயில்லை, 28 வாங்க” என்று சொன்னாலும் அந்த வரி அப்படியேதான் இருக்கும்.

அவர்கள் 21-தான் வேண்டும் என்று நின்றால், அப்புறம் ஒரே நிபந்தனை: ரிலீவிங் லெட்டரைப் பின்னால் தரலாம் என்று மெயிலில் சொல்லட்டும். அதுவும் 18-ஐ உறுதிசெய்த பதிலும் கையில் இருந்தால், தாராளமாக 21-க்குச் சரி சொல்லுங்கள்.